ஸ்பைக் கார்டு விளக்கு எரியுது, டிவியும் மானிட்டரும் போச்சு: த்ரீ ஃபேஸ் வீட்டு அனுபவங்கள்

கும்பகோணம் வாசி
மழைக்குப் பிறகு கரண்ட் வந்ததும் ஹாலில் ஃபேன் பேய் வேகத்தில் சுற்றியது, சமையலறையில் விளக்கு மங்கிப்போனது. ஒரு நிமிஷத்துக்குள் டிவியும் மானிட்டரும் போய்விட்டன. இரண்டும் ஒரே ஸ்பைக் கார்டில்தான் இருந்தன. அதன் சிவப்பு விளக்கு இன்னும் எரிகிறது. வீடு த்ரீ ஃபேஸ். அடுத்து ஸ்டெபிலைசர் வாங்குவதா, நல்ல ஸ்பைக் கார்டாக வாங்குவதா? இப்படிப் பட்டவர்கள் சொல்லுங்கள்.

பிரவீன்
ப்ரோ, LED டிவிக்கு ஸ்டெபிலைசர் வேஸ்ட். உள்ளே இருப்பது எஸ்எம்பிஎஸ், வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் சமாளிக்கிற பவர் சப்ளை. பின்னாடி ஸ்டிக்கரைப் பாருங்க, 100-240 வோல்ட்னு போட்டிருக்கும். அதெல்லாம் பழைய பெட்டி டிவி காலத்துக்கு.

ரிப்பேர் பெஞ்ச்
தம்பி பிரவீன் சொல்வதில் பாதி சரி. லோ வோல்டேஜ் LED டிவியை அனேகமாக ஒன்றும் செய்யாது. 140 வோல்ட்டிலும் படம் ஓடும். ஆபத்து மேல்பக்கம். பவர் போர்டில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் 400 அல்லது 450 வோல்ட் தாங்கும். சுவரில் 230 இருந்தால் அதன்மேல் ஏறுவது சுமார் 325. சுவரில் 320 வந்தால் கெப்பாசிட்டரில் 450 தாண்டிவிடும். அங்கேதான் உப்பி வெடிக்கிறது.

கும்பகோணம் நண்பரே, பழைய போர்டை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். பியூஸுக்குப் பக்கத்தில் பட்டன் மாதிரி நீலமாகவோ ஆரஞ்சாகவோ ஒரு வட்டம் இருக்கும், அதுதான் வேரிஸ்டர். அது பிளந்து, சுற்றிலும் கரி படிந்து, பியூஸ் கண்ணாடி உள்ளே கறுத்திருந்தால் ஹை வோல்டேஜ் நின்று அடித்திருக்கிறது என்று அர்த்தம். உங்கள் ஸ்பைக் கார்டுக்குள்ளேயும் அதே வட்டம்தான் இருக்க வேண்டும். பெரும்பாலும் 431 என்று அச்சடித்திருக்கும். அது 275 வோல்ட் வரை சும்மா இருக்கும். கண் சிமிட்டுவதற்குள் வந்துபோகும் அடியை வாங்கிக்கொள்ளும், தொடர்ந்து 350 வந்தால் சில நொடியில் சூடாகி வெடிக்கும். அதன்பிறகு சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. சிவப்பு விளக்கு கரண்ட் இருக்கிறது என்று மட்டும்தான் காட்டும், பாதுகாப்பு இருக்கிறது என்று காட்டாது. பல மலிவான பாக்ஸ்களைத் திறந்தால் அந்த வட்டமே இருக்காது.

மாலதி
எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசர் ராத்திரியெல்லாம் டக் டக்னு சத்தம் போடுது. அதில டிவியையும் சேர்த்து மாட்டலாமா அண்ணா?

ரிப்பேர் பெஞ்ச்
வேண்டாம் அம்மா. கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகும் இழுப்பு டிவிக்கும் போகும். ராத்திரியெல்லாம் டக் டக் என்றால் வோல்டேஜ் ஒரு எல்லையிலேயே ஊசலாடுகிறது. ரிலே சீக்கிரம் தேய்ந்துவிடும், வயர்மேனிடம் அளக்கச் சொல்லுங்கள்.

வயர்மேன் செல்வம்
கும்பகோணம் சாருக்கு. ஒரு பக்கம் ஃபேன் பறக்குது, இன்னொரு பக்கம் லைட்டு மங்குதுன்னாலே அது நியூட்ரல் கழண்ட கேஸ். எதை மாட்டுறதுன்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி இதைச் சரி பண்ணணும்.

நியூட்ரல் அறுந்தா ஒரு ஃபேஸில் இருக்கிற சாமானும் இன்னொரு ஃபேஸில் இருக்கிற சாமானும் வரிசையா 400 வோல்ட்டுக்கு நடுவுல மாட்டினது மாதிரி ஆயிடும். உதாரணத்துக்கு ஒரு ஃபேஸில் 1000 வாட் அயர்ன் பாக்ஸ், அடுத்ததில் 100 வாட் டிவி, மூணாவதில் ஒண்ணுமில்லை. சின்ன லோடுதான் பெரிய பங்கை வாங்கும். கணக்குப் போட்டா அயர்னுக்கு 36 வோல்ட், டிவிக்கு 364. நிஜத்துல டிவி ஹீட்டர் மாதிரி நடக்காது, அதனால எண் கொஞ்சம் மாறும், ஆனா போகும் திசை இதுதான்.

இப்படிப் பாருங்க. டிவி, மானிட்டர், ஃப்ரிட்ஜ் எல்லா பிளக்கையும் பிடுங்கிடுங்க. மல்டிமீட்டரை ஏசி 600 அல்லது 750ல வெச்சு மூணு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல அளங்க. அப்புறம் ஒரு ஃபேஸில் அயர்னைப் போட்டுட்டு மறுபடி மூணையும் அளங்க. நல்ல லைன்னா அந்த ஃபேஸ் மட்டும் ரெண்டு, அஞ்சு வோல்ட் இறங்கும். அது 30 இறங்கி மத்த ரெண்டும் ஏறுச்சுன்னா நியூட்ரல் லூஸ். அது மட்டும் இறங்கி மத்தது அசையலைன்னா அந்த ஃபேஸ் ஜாயின்ட்தான் கோளாறு. போர்டைத் திறந்து அளக்கிற வேலை, பழக்கமில்லைன்னா கை வைக்காதீங்க.

மழைக்குப் பிறகு வந்ததால சர்வீஸ் வயர் ஜாயின்ட்டையும் பாருங்க. அலுமினியத்தையும் காப்பரையும் நேரா முறுக்கிக் கட்டியிருந்தா வெள்ளையும் பச்சையுமா பொடி பூத்திருக்கும். மீட்டருக்கு முன்னாடின்னா வாரியத்து ஆள்தான் தொடணும். பழைய வீடுன்னா மெயின் சுவிட்சில் நியூட்ரலுக்கும் பியூஸ் கேரியர் இருக்கான்னு பாருங்க. இருக்கவே கூடாது. அந்த பியூஸ் ஒண்ணு போனாலே இதே கதைதான்.

கும்பகோணம் வாசி
அளக்கச் சொன்னேன். அயர்ன் போட்டதும் ஹால் ஃபேஸ் 238லிருந்து 271 ஆனது! போர்டில் நியூட்ரல் லிங்க் ஸ்க்ரூ ஒரு முழுச் சுற்று இறுகியது. கம்பி முனை கருகியிருந்தது, வெட்டிப் புதிதாகச் சீவி மாட்டியாயிற்று. இப்போது அயர்ன் போட்டாலும் ஹால் ஃபேஸ் அசையவில்லை. இனி என்ன மாட்ட?

வயர்மேன் செல்வம்
டிபியில, அதாவது எம்சிபி சுவிட்செல்லாம் இருக்கிற பெட்டியில, டிவி, கம்ப்யூட்டர் லைனுக்கு எம்சிபிக்குப் பிறகு ஒரு வோல்டேஜ் ப்ரொடெக்டர். எண்ணைக் காட்டும் சின்ன டப்பா, எம்சிபி மாதிரியே பட்டையில் உட்காரும். ஃபேஸ், நியூட்ரல் ரெண்டும் அதுக்குள்ள போகணும், வரவு எது, வெளியே எதுன்னு மாத்திடக் கூடாது. மேல் எல்லை 270, கீழ் எல்லை 170, கரண்ட் திரும்பினதும் 60 நொடி காத்திருக்கிற மாதிரி வைங்க. ஃப்ரிட்ஜும் அதே லைன்னா 180 நொடி. மேல் எல்லையை 250ன்னு வெச்சா ராத்திரி லோடு குறையும்போது சும்மா சும்மா கட் ஆகும், எரிச்சல்ல ஆளுங்க அதைக் கழட்டியே போட்டுடுவாங்க. வாங்கும்போது அந்த டப்பா தானே 400 வோல்ட் தாங்குமான்னு கேளுங்க.

ரிப்பேர் பெஞ்ச்
வாடகை வீட்டில் டிபியைத் தொட முடியாதவர்களுக்கு, வோல்டேஜ் எல்லை மீறினால் வெட்டிவிடும் ஹை கட் உள்ள டிவி ஸ்டெபிலைசர் உதவும். ஆனால் பெட்டியில் ஹை கட் என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். வெறுமனே ஏற்றி இறக்குவது மட்டும் போதாது. 360 வந்தால் ரிலே வெளிப்பக்கத்தை வெட்டிவிடும், டிவி தப்பும். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இன்புட்டிலேயே நிற்பதால் ஸ்டெபிலைசர் கருகக்கூடும். அளவு விஷயத்தில் 55 இஞ்ச் டிவிக்கு 3 ஆம்பியர் தாராளம். ஹோம் தியேட்டரும் சேர்த்தால் வாட்டைக் கூட்டிப் பாருங்கள்.

ப்ரொடெக்டர் வந்துவிட்டது என்று ஸ்பைக் கார்டை விட்டுவிடாதீர்கள். கண நேர அடிக்கு ப்ரொடெக்டரின் ரிலே மெதுவானது, அதை வாங்க வேரிஸ்டர்தான் வேண்டும். எர்த் இருக்கும் மூன்று துளை சாக்கெட்டில் மாட்டுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் அளந்தால் ஃபேஸ்-நியூட்ரல் அளவை ஒட்டியே வர வேண்டும். வரவில்லையென்றால் எர்த் பெயருக்குத்தான் இருக்கிறது.

பிரவீன்
சரி அண்ணா, ஹை வோல்டேஜ் பக்கம் நான் யோசிக்கல. மானிட்டரை யுபிஎஸ்ல போட்டா இதெல்லாம் வேண்டாமில்லையா?

ரிப்பேர் பெஞ்ச்
வீட்டு யுபிஎஸ்ஸில் கரண்ட் இருக்கும்போது லைன் நேராகத்தான் போகும், எல்லை தாண்டினால் பேட்டரிக்கு மாறும். 280க்கு நல்லது. 360 வந்தால் மானிட்டர் தப்பினாலும் யுபிஎஸ்ஸின் இன்புட் தப்பும் என்று என்னால் சொல்ல முடியாது.

மாலதி
போன மாசம் பக்கத்து வீட்டில இடி விழுந்தப்ப டிவி பிளக்கைப் பிடுங்கித்தான் வெச்சிருந்தாங்க, அப்பவும் HDMI போர்ட் போயிடுச்சே?

வயர்மேன் செல்வம்
டிஷ் கேபிள் வழியா வந்திருக்கும்மா. கரண்ட் பிளக்கைப் பிடுங்கினா அந்த வழி மட்டும்தான் அடையும். மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து செட்டாப் பாக்ஸுக்கு, அங்கிருந்து HDMI வழியா டிவிக்கு. மானிட்டருக்கு இதே மாதிரி வெளியிலிருந்து வரும் லேன் கேபிள், கம்ப்யூட்டர் வழியா. இடி சத்தம் கேட்டா செட்டாப் பாக்ஸில் மாட்டியிருக்கிற டிஷ் கேபிளோட ஸ்க்ரூ கனெக்டரையும் கழட்டிடுங்க. டிஷ் கம்பத்துக்குத் தனி எர்த் போட்டா போதும்னு சிலர் சொல்றாங்க. வீட்டு எர்த்தோட சேர்க்காம தனியா விட்டா வித்தியாசம் கேபிள்லேயே ஓடும்னு நான் நினைக்கிறேன். போட்டுப் பார்த்தவங்க இருந்தா எழுதுங்க.