புதுப்பிப்பு: ஏழு வயது மகளின் மார்பு வளர்ச்சி

முன்பு கேட்டது: “மகளுக்கு 7 வயது. மார்பில் சின்னக் கட்டி, தொட்டால் வலி. காத்திருக்கலாமா?”

குழந்தைகளுக்கான ஹார்மோன் மருத்துவரைப் பார்த்தோம். 8 வயதுக்கு முன் என்பதால் காட்டியது சரிதான் என்றார். இடது கை எக்ஸ்ரேயில் எலும்பு வயது 9. ஓராண்டில் 8 செ.மீ. வளர்ந்திருக்கிறாள், பருவத்தைத் தூண்டும் எல்.எச். ஹார்மோன் அளவும் கூடியிருக்கிறது. மூளையே பருவத்தை முன்கூட்டித் தொடங்கிவிட்டதாம். எலும்பு சீக்கிரம் முதிர்ந்தால் கடைசி உயரம் குறையும், அதனால்தான் பருவத்தைத் தள்ளிப்போடும் ஊசி பற்றிப் பேச்சு. மூளைக்கான எம்.ஆர்.ஐ. ஸ்கேன் 6 வயதுக்குக் கீழ் அவசியமாம். இவளுக்கு இன்னும் முடிவாகவில்லை.

என் முந்தைய கேள்விக்கு “எடைதான் காரணம்” என்று பதில் சொன்னவர் பாதி சரி. கூடுதல் எடை ஒரு காரணமாகலாம், ஆனால் இவள் ஒல்லி.

அப்புறம், தன் 2 வயது மகளின் மார்பு வளர்ச்சி பற்றிக் கேட்ட அம்மாவுக்கு: உயரம் வேகமெடுக்காமல் மார்பு மட்டும் வளர்ந்தால் பெரும்பாலும் தானே அடங்கும், இருந்தாலும் காட்டிவிடுங்கள். பிறப்புறுப்பில் ரத்தக்கசிவு இருந்தால் உடனே.