ஒரே திருத்தம்தான் மிச்சம்: கருத்தை எப்படி எழுதுவது?

ரத்த தான முகாமுக்கான ஏ3 போஸ்டரின் முதல் வரைவு வடிவமைப்பாளரிடமிருந்து வந்திருக்கிறது. அவரிடம் பேசியபடி இனி ஒரே ஒரு சுற்றுத் திருத்தம்தான். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

சிக்கல் இதுதான்: தேதியும் நேரமும் வெளிர்மஞ்சள் பின்னணியில் வெள்ளை எழுத்தில் இருக்கின்றன. அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். தலைப்பும் படமும் தெரிகின்றன, தேதி தெரியவே இல்லை.

எல்லார் கருத்தையும் ஒரே ஆவணமாகத் தொகுத்துவிட்டேன். “இன்னும் பளிச்சென்று வேண்டும்” என்றவரிடம் எந்த இடம் என்று கேட்டால், அவரும் தேதியைத்தான் காட்டினார். லோகோ பெரிதாக வேண்டும், காலி இடமும் வேண்டும் என்று இருவர் முட்டிக்கொண்டார்கள். லோகோ அப்படியே இருக்கட்டும் என்று முடிவாகிவிட்டது. பிடிஎஃப்பில் எண் போட்டுக் குறித்து, மாறக் கூடாதவற்றைத் தனியே எழுதியிருக்கிறேன். எழுத்துப்பிழையும் பார்த்தாயிற்று.

தேதியில்தான் நிற்கிறேன். “60 பாயிண்ட், கறுப்பு” என்று தீர்வையே எழுதினால் மற்ற அமைப்பு குலையலாம். “தலைப்புக்கு அடுத்து தேதி பத்தடியில் படிக்கத் தெரிய வேண்டும்” என்று மட்டும் எழுதினால், அது சரிவராதபோது இன்னொரு சுற்றுக்கு வழியில்லை.

வடிவமைப்பு வேலையில் இருப்பவர்களே, இந்த இரண்டில் எப்படி எழுதித் தந்தால் ஒரே முறையில் முடிப்பீர்கள்?