மறு: ‘டோக்கன்’ – தமிழில் என்ன வைக்கலாம்?

இளங்கோ:
வணக்கம். கடை பில்லிங் மென்பொருள் ஒன்றைத் தமிழாக்குகிறேன். குக்கிக்கு ‘நினைவி’, செஷனுக்கு ‘அமர்வு’ வைத்தாயிற்று. டோக்கனுக்கு ‘நுழைவுச்சீட்டு’ போடலாமா? மூன்றும் ஒரே வேலைதானே. குக்கி பழசு, டோக்கன் புதுசு, பாதுகாப்பானது.

கோமதி:
> குக்கி பழசு, டோக்கன் புதுசு

தம்பி, அப்படி வரிசை கட்டாதீர்கள். குக்கி வெறும் தூக்குச்சட்டி, உள்ளே எதையும் வைக்கலாம். உள்நுழைந்ததும் சர்வர் இப்படி அனுப்புகிறது:

```
Set-Cookie: sid=9f2c71; HttpOnly; Secure; SameSite=Lax
```

அதன்பின் அந்தத் தளத்துக்குப் போகும்போதெல்லாம் பிரவுசர் தானாகவே `sid=9f2c71` என்பதைச் சேர்த்து அனுப்பும். (நிஜத்தில் இந்த எண், ஊகிக்க முடியாதபடி இன்னும் நீளமாக இருக்கும்.) எண்ணைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. அது யாருடையது என்ற பதிவு சர்வரில் இருக்கிறது, அதுதான் அமர்வு. பதிவை அழித்தால் அடுத்த கிளிக்கில் ஆள் வெளியே.

JWT வகை டோக்கனில் ஆளின் அடையாளமும் காலாவதி நேரமும் உள்ளேயே எழுதிக் கையொப்பமிட்டிருக்கும். சர்வர் கையொப்பத்தைச் சரிபார்க்கும், பதிவேட்டைப் புரட்டாது. அந்த டோக்கனையும் குக்கியில் வைக்கலாம். பலர் பிரவுசருக்குள் இருக்கும் `localStorage` என்ற சேமிப்பிடத்தில் வைக்கிறார்கள். பக்கத்துக்குள் புகுந்த அந்நிய ஸ்கிரிப்ட் அதை அள்ளிக்கொண்டு போய்விடும். `HttpOnly` குக்கியை ஸ்கிரிப்ட் படிக்கவே முடியாது.

ரபீக்:
எங்கள் கடையில் வேலையை விட்டு நின்ற பையனின் கணக்கைக் காலை 10 மணிக்கு முடக்கினேன். 10:40 வரை அவன் போனிலிருந்து பில் விழுந்துகொண்டிருந்தது. குக்கியை அழித்தால் சரியாகும் என்றார்கள். என் கணினியில் அழித்தேன், ஒன்றும் நடக்கவில்லை.

கோமதி:
அண்ணே, அதை அழித்தால் நீங்கள்தான் வெளியேறுவீர்கள்! அவன் 9:40 வாக்கில் வாங்கிய டோக்கனில் `exp` என்ற காலாவதி நேரம் ஒரு மணி நேரம் கழித்து இருந்திருக்கும். கணக்கை முடக்கியது தரவுத்தளத்தில். டோக்கனைப் பார்க்கும் நிரல் அந்தப் பக்கமே போகவில்லை. டோக்கனின் ஆயுளை 5 நிமிடமாக்கி, அது முடிந்ததும் அடுத்ததை வாங்கித் தரும் புதுப்பிக்கும் டோக்கனை மட்டும் சர்வரில் பதிந்து வைப்பார்கள். அந்தப் பதிவை அழித்தால் அதிகபட்சம் 5 நிமிடத்தில் கதை முடிந்தது. சுற்றி வளைத்து அமர்வுக்கே வந்துவிட்டோம், பார்த்தீர்களா?

இளங்கோ:
அப்படியானால் நுழைவுச்சீட்டு ஒத்துவராது அக்கா. அதை வாசலில் கிழித்துவிடுவார்கள், இது கடைசிவரை கையில் இருக்கிறது. ‘சான்றுவில்லை’?

கோமதி:
JWT-க்குப் பொருந்தும். ஆனால் வேறு தளம் நம் பெயரில் போலிக் கோரிக்கை அனுப்பாமல் தடுக்கப் படிவங்களில் ஒளித்து வைக்கும் CSRF டோக்கனும் டோக்கன்தான். அது ஆள் யாரென்று சான்று சொல்வதில்லை. ‘வில்லை’ என்று மட்டும் வைத்து, இடத்துக்கேற்ப முன்னொட்டு சேர்க்கலாம் என்பது என் கட்சி.

ரபீக்:
வில்லை என்றால் எனக்கு மாத்திரைதான் ஞாபகம் வருகிறது. ரேஷன் கடையிலேயே டோக்கன் என்றுதானே சொல்கிறோம்?

இளங்கோ:
இப்போதைக்கு, டோக்கன் காலாவதியானால் கடைக்காரர் திரையில் ‘மீண்டும் உள்நுழையவும்’ என்று மட்டும் போடுகிறேன். நிரலர் ஆவணத்தில் எந்தச் சொல் என்பதற்கு இன்னும் யாராவது கருத்துச் சொல்லுங்கள்.