[கலைச்சொல்] சர விளக்கு: ஒன்றன் முனையில் இன்னொன்றை மாட்டுவதற்கு என்ன சொல்?

வளர்மதி எழுதியது:
அனைவருக்கும் வணக்கம். விழாக்காலச் சர விளக்குகளின் விற்பனை விவரங்களைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன், நாளைக் காலைக்குள் அனுப்ப வேண்டும். நீளம், பல்பு எண்ணிக்கை, மின்சாரம் எதிலிருந்து என்பதெல்லாம் முடிந்தது. ஒரு சரத்தின் முனையில் அடுத்ததை மாட்டலாமா, எத்தனை மாட்டலாம் என்ற கட்டம் மட்டும் பாக்கி. ‘தொடர் இணைப்பு: உண்டு, 4 வரை’ என்று போட்டிருக்கிறேன். போதுமா?

இராகவன் எழுதியது:
‘தொடர் இணைப்பு’ வேண்டாம் அம்மா. பள்ளி இயற்பியலில் அது வேறொன்றின் பெயர். இந்தச் சரங்கள் பார்வைக்குத்தான் ஒன்றன்பின் ஒன்று. உள்ளே இரண்டு கம்பிகள் தலையிலிருந்து வால் சாக்கெட் வரை நேராக ஓடும். ஒவ்வொரு சரமும் முழு மின்னழுத்தத்தையும் பெறும். அது பக்க இணைப்பு. நிஜமாகவே தொடரில் மாட்டினால் மின்னழுத்தத்தைப் பங்குபோட்டுக்கொண்டு எல்லாம் மங்கிவிடும்.

குமரேசன் எழுதியது:
சீரியல் லைட் என்றாலே தொடர்தானே? ஒரு பல்பு போனால் மொத்தமும் அணையும். எல்லாருக்கும் தெரிந்த சொல்லை விட்டுவிட்டு ஏன் அலைய வேண்டும்?

இராகவன் எழுதியது:
அது ஒரு சரத்துக்குள் நடப்பது. பழைய இழை பல்புச் சரங்களுக்குப் பொருந்தும். எல்இடி சரங்கள் பலவற்றில் பல்புகளைச் சிறு குழுக்களாகத் தொடரில் கோத்து, குழுக்களைப் பக்கமாக இணைத்திருப்பார்கள். பழுதானால் ஒரு துண்டு மட்டும் இருளும். வளர்மதி கேட்பது சரத்துக்கும் சரத்துக்கும் இடையே உள்ள உறவு.

அறவாழி எழுதியது:
நம் யாப்பிலேயே இதற்கு இலக்கணம் உண்டு! ஒரு பாட்டின் ஈறு அடுத்த பாட்டின் முதலாவது அந்தாதித் தொடை. ‘அந்தாதி விளக்கு’ எவ்வளவு பொருத்தம்! ஆனால் அந்தம், ஆதி இரண்டும் வடசொல். ஆகவே ‘ஈற்றிணைப்பு’. ‘தொடுக்கலாம்’ என்றும் சொல்லலாம், ஆனால் தொடு, தொடை, தொடர் மூன்றும் ஒரே வேர். இராகவன் ஐயா விரட்டிய தொடர் கொல்லைப்புறமாக வந்துவிடும்.

இராகவன் எழுதியது:
அந்தாதியில் கடைசிப் பாட்டின் ஈறு முதல் பாட்டுக்கே திரும்பி மண்டலிக்கும். இங்கே அப்படி வளைத்து மாட்டச் சொல்லிவிடாதீர்கள் ஐயா. கடைசி வாலில் மூடிதான் வர வேண்டும்.

ஜான்சி எழுதியது:
மூடி என்றதும் ஞாபகம் வருகிறது. நான் வெளியே கட்டியிருந்த சரங்களில் கடைசிச் சரம் மங்கலாகவே எரிந்தது. பெட்டியில் வாட்டர்ப்ரூஃப் என்று போட்டிருந்தும் மழையில் இரண்டு சரம் சேரும் இடத்தில் தண்ணீர் இறங்கிவிட்டது. இதற்கு ஏதாவது சொல் இருக்கிறதா?

இராகவன் எழுதியது:
சொல் இருக்கிறதோ இல்லையோ, காரணம் இருக்கிறது. மெல்லிய கம்பியில் போகப் போக மின்னழுத்தம் குறையும், அதனால் கடைசி மங்கும். அடாப்டரும் தொட முடியாதபடி சுட்டால் சுமை கூடிவிட்டது என்று பொருள். 24 வாட் அடாப்டர், சரம் ஒன்றுக்கு 6 வாட் என்றால் 4 சரத்தோடு கணக்கு முடிந்தது, மிச்சம் எதுவும் இல்லை. தயாரிப்பாளர் 3 என்று போட்டிருந்தால் அதுதான் எல்லை, வகுத்துப் பார்த்து ஒன்றைக் கூட்டக் கூடாது. அடாப்டர் இல்லாமல் நேரே வீட்டு மின்சாரத்தில் மாட்டும் வகையில், எல்லாச் சரங்களின் மின்னோட்டமும் முதல் சரத்தின் கம்பி வழியாகத்தான் போகும். அங்கே எல்லையைத் தாண்டினால் மங்குவதோடு நிற்காது, கம்பியே சூடாகும்.

தண்ணீர் விஷயத்தில் ‘நீர்புகா’ என்று எழுதியதுதான் வம்பு. IP44 நீர் தெறித்தால் தாங்கும், அவ்வளவுதான். மூழ்கினால் தாங்குவது IP67. அந்தக் குறியும் பல நேரம் சரத்துக்கு மட்டும்தான், அடாப்டருக்கு இல்லை. இணைப்பில் ரப்பர் வளையம் இல்லாமலோ, மரையை இறுக்காமலோ விட்டால் குறி எதுவானாலும் பயனில்லை.

வளர்மதி எழுதியது:
நன்றி. ‘நீர்புகா’வை எடுத்துவிட்டு ‘நீர் தெறிப்பைத் தாங்கும் (IP44), அடாப்டர் நனையக் கூடாது’ என்று மாற்றிவிட்டேன். இன்னொரு குழப்பம்: ‘4 வரை’ என்றால் முதல் சரத்தையும் சேர்த்தா, கூடுதலாக நான்கா?

இராகவன் எழுதியது:
நல்ல கேள்வி. ‘மொத்தம்’ என்று எழுதுங்கள், அதுவும் அதே வகைச் சரம் என்று சொல்லி. வேறு சரத்தின் பிளக் பொருந்தினாலும் மின்னழுத்தம் பொருந்தாமல் போகலாம். பேட்டரிச் சரமா? அதில் பெரும்பாலும் வால் சாக்கெட்டே இருக்காது.

குமரேசன் எழுதியது:
சரி, ‘வால் இணைப்பு’ என்றே வைத்துவிடுங்கள். பெட்டியைப் பிரித்ததும் கண்ணுக்குத் தெரிவது அதுதான். தூக்கம் வருகிறது.

ஜான்சி எழுதியது:
எனக்கும் அதுவே சரி.

வளர்மதி எழுதியது:
இப்படி அனுப்புகிறேன்: ‘வால் இணைப்பு: உண்டு. ஒரு அடாப்டரில் அதே வகைச் சரங்கள் மொத்தம் 4.’

அறவாழி எழுதியது:
பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், சொல்லுக்கு அல்ல. சரத்துக்கு வால் வந்தால் நாளை பிளக்குக்கு மூக்கு என்பீர்கள். என் தொகுப்பில் ‘ஈற்றிணைப்பு’தான் ஏறும். அது சரி, ‘அடாப்டர்’ அப்படியே போகிறதே, அதை ஏன் ஒருவரும் கேட்கவில்லை?