அறிவிப்பு வந்தது, பெட்டி பாடவில்லை: ஓபஸ் வாய்ஸ் நோட் அனுபவங்கள்

செங்கோட்டை மைக்செட்: கார்த்திகை பிறந்ததும் புளியரைப் பக்கம் ஐயப்ப பக்தர்களுக்கு ஓர் அன்னதானப் பந்தல். மைக்செட் நம்முடையது. மலையாள அறிவிப்பை ஆரியங்காவிலிருந்து ஒரு சேட்டன் பேசி வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட்டாக அனுப்பினார். ஒன்றரை நிமிடம், அருமையான குரல். போனில் கேட்கிறது. பென் டிரைவில் ஏற்றி ஆம்ப்ளிஃபயரில் சொருகினால், பாட்டே இல்லை என்கிறது பெட்டி. ஃபைல் பெயர் `PTT-20241118-WA0007.opus`.

பையன் ஒருவன், "கடைசியில் mp3 என்று மாற்றுங்கண்ணே, போதும்" என்றான். மாற்றினேன். இப்போது பெட்டி ஃபைலை எண்ணிக் கொண்டது. ஆனால் 00:00 என்று காட்டிவிட்டு அடுத்த பாட்டுக்குத் தாவியது. பந்தலில் இலை போட்டாயிற்று, அறிவிப்பு இல்லை. கடைசியில் ஸ்பீக்கரில் போட்ட போனை மைக் முன்னால் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கம்பம் ஏலக்காய்: mp3 என்று மாற்றினால் எப்படிப் பாடும்? ogg என்று மாற்ற வேண்டும். நான் அப்படித்தான் செய்கிறேன், கம்ப்யூட்டரில் ஜோராகக் கேட்கிறது.

பாலக்காடு ரெக்கார்டிங்: ஏலக்காய் அண்ணாச்சி சொல்வது பாதி சரி. அந்த ஃபைலின் கூடு நிஜமாகவே ogg தான், அதனால் பெயர் மாற்றம் அங்கே பொய் இல்லை. ஆனால் கூட்டுக்குள் இருப்பது ஓபஸ் என்ற முறையில் சுருக்கிய குரல். ogg பாடும் என்று எழுதியிருக்கும் பழைய பெட்டிகள் பலவற்றுக்கு வோர்பிஸ் என்ற பழைய சுருக்க முறை மட்டும்தான் தெரியும். ஓபஸ் 2012இல்தான் தரமாக அறிவிக்கப்பட்டது. உங்கள் கம்ப்யூட்டர் பிளேயருக்கு இரண்டும் தெரியும், அதனால் பாடுகிறது. மைக்செட் பெட்டிக்குப் பெயர் மாற்றினால் போதாது, உள்ளே இருப்பதையே மாற்ற வேண்டும்.

செங்கோட்டை மைக்செட்: அதையும் செய்தேன். போனில் ஓர் ஆப் இறக்கி mp3 ஆக்கினேன். என் ஆம்ப்ளிஃபயர் பாடியது. ஆட்டோவில் கட்டியிருக்கும் சின்னப் பெட்டி மட்டும் சேட்டனை அணில்பிள்ளை மாதிரி கீச்சுக் குரலில் பேச வைத்தது!

பாலக்காடு ரெக்கார்டிங்: அந்த ஆப் 16000 ஹெர்ட்ஸில் எழுதியிருக்கும். மலிவுப் பெட்டிகள் சில அதைக் கவனிக்காமல் 44100 என்றே நினைத்து ஓட்டிவிடும், அதுதான் கீச்சு. எல்லாப் பெட்டிக்கும் பழகிய அளவில் கொடுத்துவிடுங்கள். கம்ப்யூட்டரில் ffmpeg என்ற மென்பொருள் இருந்தால் ஒரே வரி:

```
ffmpeg -i PTT-20241118-WA0007.opus -c:a libmp3lame -ar 44100 -ac 2 -b:a 96k arivippu.mp3
```

வாய்ஸ் நோட் ஒற்றைத் தடம். `-ac 2` போட்டால் இரண்டு பக்கமும் அதே குரல் வரும், ஒரு பக்கக் குழாய் ஊமையாகாது. ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு எம்பியை ஒட்டி வரும்.

தென்மலை டீச்சர்: அம்மாவின் வாய்ஸ் நோட் ஒன்று போன் மாற்றியபோது அழிந்துவிட்டது. இந்த வரியைப் போட்டால் திரும்பக் கிடைக்குமா?

பாலக்காடு ரெக்கார்டிங்: இல்லை டீச்சர், இது இருக்கிற ஃபைலை மாற்ற மட்டும்தான். பழைய போன் ஆண்ட்ராய்டாக இருந்து இன்னும் கையில் இருந்தால், `Android/media/com.whatsapp/WhatsApp/Media/WhatsApp Voice Notes` என்ற ஃபோல்டரைப் பாருங்கள். வாரத்துக்கு ஒரு ஃபோல்டராக இருக்கும். கிடைத்தால் முதலில் அளவைப் பாருங்கள். 0 கேபி என்றால் உள்ளே குரல் இல்லை, எதைப் போட்டாலும் வராது. குரல் இருந்தால் mp3 ஆக்கிய பிறகும் ஓபஸை அழிக்காதீர்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் தேயும்.

கம்பம் ஏலக்காய்: 96 எதற்கு, 320 போட்டால் இன்னும் தெளிவாக இருக்குமே?

பாலக்காடு ரெக்கார்டிங்: ஃபைல்தான் பெருக்கும். அனுப்பும்போதே சுருங்கிய குரல், அதில் இல்லாதது எங்கிருந்து வரும்? பந்தல் குழாய்க்கு அதுவே தாராளம். நல்ல பெட்டியில் போடுவதென்றால், அடுத்த முறை சேட்டனிடம் போனின் ரெக்கார்டரில் பேசி, அதை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலும் m4a ஆக வரும், அதையும் இதே வரியில் மாற்றலாம்.

செங்கோட்டை மைக்செட்: போட்டுப் பார்த்தேன், கீச்சு போய்விட்டது. இப்போது தமிழ், மலையாளம், தெலுங்கு என்று மூன்று ஃபைல். 01, 02, 03 என்று பெயர் வைத்தும் ஆட்டோ பெட்டி தெலுங்கைத்தான் முதலில் எடுக்கிறது.

பாலக்காடு ரெக்கார்டிங்: அது பெயரைப் பார்க்காது, ஏற்றிய வரிசையைப் பார்க்கும். பென் டிரைவை ஃபார்மட் செய்து ஒவ்வொன்றாக ஏற்றுங்கள்.

செங்கோட்டை மைக்செட்: அப்படியும் ஏற்றிவிட்டேன் தம்பி. இன்னும் தெலுங்குதான் முதலில்.