30 தவணை கட்டிய சரக்கு வேனை விற்கலாமா? நிறுவனம் சொல்லும் தொகை ஏன் இவ்வளவு அதிகம்?

சுமைவண்டி
வாடகைக் கொள்முதல் முறையில் ஒரு சிறிய சரக்கு வேன் எடுத்தேன். நிறுவனம் போட்ட முதல் 4,80,000. ஆண்டுக்கு 10 சதவீத ஃபிளாட் வட்டி, நான்கு ஆண்டு. ஆக வட்டி 1,92,000, மொத்தம் 6,72,000, மாதம் 14,000 வீதம் 48 தவணை. இதுவரை 30 தவணை, ஒன்றுகூடத் தவறவில்லை.

இப்போது பெரிய வண்டி தேவைப்படுகிறது. இந்த வேனை 3,10,000க்கு எடுத்துக்கொள்ள ஒருவர் தயாராக இருக்கிறார். மீதி 18 தவணைக்கு உரிய வட்டி 72,000ஐக் கழித்தால் நான் கட்ட வேண்டியது 1,80,000 என்று கணக்குப் போட்டேன். நிறுவனமோ 2,30,804 கேட்கிறது. ஐம்பதாயிரத்துக்கு மேல் வித்தியாசம். இது சரியா? வாங்குபவர் இன்னொரு வழியும் சொல்கிறார்: வேனை இப்போதே அவரிடம் கொடுத்துவிட்டு, மீதித் தவணைகளை அவர் என் பெயரிலேயே கட்டிக்கொள்வது. அப்படிச் செய்யலாமா?

மலைப்பாதை
தாராளமாகச் செய்யுங்கள். பதிவுச் சான்றில் உங்கள் பெயர்தானே இருக்கிறது? அப்படியானால் வண்டி உங்களுடையது. இருவரும் ஒரு ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். நான் என் பழைய வண்டியைக் கடன் முடியும் முன்பே விற்றேன், எந்தச் சிக்கலும் வரவில்லை. ஆனால் அந்தத் தொகையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாயால் சொல்லும் தொகை மாறும்.

பேரேடு
எழுத்தில் கேட்கச் சொன்னது மிகச் சரி. மற்றதைச் செய்யாதீர்கள், சுமைவண்டி. மலைப்பாதை விற்றது பெரும்பாலும் வேறு வகைக் கடனில் வாங்கிய வண்டியாக இருக்கும். அந்த வகையில் வாங்கிய அன்றே வண்டி நம்முடையதாகிவிடும். கடன் கொடுத்தவருக்கு அதன் மேல் ஈட்டு உரிமை மட்டும் இருக்கும். வாடகைக் கொள்முதலில் உரிமையாளர் நிறுவனம். நீங்கள் வாடகைக்கு எடுத்திருப்பவர். கடைசித் தவணைக்குப் பிறகு வாங்கிக்கொள்ளும் உரிமை மட்டும் உங்கள் கையில் இருக்கிறது. பதிவுச் சான்றில் இருக்கும் பெயர், பல நாடுகளில், வண்டியை வைத்து ஓட்டுபவர் யார் என்பதைத்தான் சொல்கிறது. உங்கள் ஒப்பந்தம் எந்த வகை என்பதை முதலில் அதன் வாசகத்தில் பாருங்கள்.

இது பழைய வழக்கு. 1895இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்த்த ஹெல்பி எதிர் மேத்யூஸ் வழக்கில், ஒருவர் 36 மாதத் தவணைக்கு ஒரு பியானோவை எடுத்தார். சில தவணைகள் கட்டியதும் அதை அடகுக் கடையில் வைத்துவிட்டார். அடகு பிடித்தவர் நல்லெண்ணத்தோடுதான் வாங்கினார். ஆனாலும், எடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம், வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை, ஆகவே பியானோ அவருடையதாகவில்லை என்று சபை சொன்னது. பியானோ உரிமையாளருக்கே திரும்பியது. உங்கள் வேனை வாங்குபவரும் அந்த அடகுக்காரரின் இடத்தில்தான் நிற்பார். அவர் இரண்டு தவணை தவறினாலும் நிறுவனம் உங்களைத்தான் தேடும். வண்டியோ அவர் வீட்டு வாசலில் இருக்கும். அனுமதியின்றிக் கைமாற்றியது பல இடங்களில் குற்ற வழக்காகவும் ஆகும்.

இனித் தொகைக்கு வருகிறேன். வட்டியை 48 மாதத்துக்கும் சமமாகப் பிரித்திருக்கிறீர்கள். அப்படி வட்டி ஏறுவதில்லை. முதல் மாதத்தில் நிறுவனத்தின் முழுப் பணமும் உங்களிடம் இருக்கிறது. கடைசி மாதத்தில் கொஞ்சம்தான். அதனால் வட்டியின் பெரும்பகுதி முன்னாலேயே வந்துவிடும். பல நிறுவனங்கள் இலக்கக் கூட்டு முறையைப் பயன்படுத்துகின்றன. 1 முதல் 48 வரை கூட்டினால் 1,176. முதல் மாதத்துக்கு வட்டியில் 48 பங்கு, அடுத்ததற்கு 47, கடைசி மாதத்துக்கு 1. உங்களுக்கு மீதி 18 மாதம். 1 முதல் 18 வரை கூட்டினால் 171. ஆக உங்களுக்குக் கிடைக்கும் வட்டித் தள்ளுபடி 1,92,000 × 171 ÷ 1,176, அதாவது 27,918. மீதித் தவணை 2,52,000இல் இதைக் கழித்தால் 2,24,082.

நிறுவனம் கேட்பது அதைவிட 6,722 அதிகம். 2,24,082இல் சரியாக 3 சதவீதம் அது. முன்கூட்டியே முடிப்பதற்கான கட்டணமாக இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறதா, சட்டம் அதற்கு உச்சவரம்பு வைத்திருக்கிறதா என்று பாருங்கள். வரி இல்லையென்றால் தர வேண்டியதில்லை.

நுகத்தடி
பேரேடு ஐயா சொன்ன முறையிலும் ஒரு அநியாயம் இருக்கிறது. குறையும் முதலின் மேல் உண்மையான வட்டி கணக்கிட்டால் 14,000 தவணைக்கு மாத வட்டி ஏறக்குறைய 1.47 சதவீதம் வருகிறது. 18 தவணையின் இன்றைய மதிப்பு சுமார் 2,20,000தான். இலக்கக் கூட்டு முறை நிறுவனத்துக்கு நாலாயிரம் அதிகம் தருகிறது. சில நாடுகள் இந்த முறையைத் தடுத்திருப்பதும் இதனால்தான். ஒப்பந்தம் என்ன முறை என்று சொல்லாவிட்டால் வாதாடலாம்.

பேரேடு
ஒப்புக்கொள்கிறேன். ஒப்பந்தத்தில் முறை எழுதியிருந்தால் நாலாயிரத்துக்காகச் சண்டை போடுவதைவிட 3 சதவீதத்தைக் குறைக்கக் கேட்பது எளிது என்பது என் எண்ணம்.

கிளைச்சாலை
என் சொந்த அனுபவம் வேறு மாதிரி. 22 தவணை கட்டியிருந்தபோது விபத்தில் என் வண்டி முழுதும் நொறுங்கியது. காப்பீட்டுப் பணம் நேராக நிறுவனத்துக்குப் போனது. நான் கட்டியதில் எனக்கு எவ்வளவு என்று கேட்டதற்கு, முடிப்புத் தொகை போக மிஞ்சியது மட்டும் என்றார்கள். மிஞ்சியது கொஞ்சம்தான். ஆகவே வேனை மற்றவர் ஓட்டுகிற நிலையில் விபத்து வந்தால் காப்பீடு செல்லுமா என்பதையும் யோசியுங்கள். வண்டி கைமாறியதை மறைத்தால் காப்பீட்டு நிறுவனம் மறுக்கக்கூடும்.

சுமைவண்டி
அனைவருக்கும் நன்றி. ஒப்பந்தத்தைப் பார்த்தேன்: "எல்லாத் தவணையும் கட்டி, வாங்கும் உரிமையைப் பயன்படுத்தும் வரை சொத்து நிறுவனத்துக்கே உரியது" என்று இருக்கிறது. ஆக பேரேடு ஐயா சொன்ன வகைதான். இலக்கக் கூட்டு முறையும் 3 சதவீதமும் இணைப்புத் தாளில் இருக்கின்றன. அப்படியானால் விற்பதற்கு என்ன வழி?

பேரேடு
இரண்டு வழி. ஒன்று: முடிப்புத் தொகையை, எந்தத் தேதி வரை அது செல்லும் என்பதோடு, எழுத்தில் வாங்குங்கள். வாங்குபவர் 2,30,804ஐ நேராக நிறுவனத்திடம் கட்டட்டும். மீதி 79,196ஐ உங்களிடம் தரட்டும். நிறுவனம் உரிமையை விடுவித்துக் கொடுக்கும் கடிதமும், பதிவில் அதன் பெயரை நீக்கும் ஆவணமும் கைக்கு வந்த பிறகே வண்டியையும் சாவியையும் மாற்றுங்கள். வாங்கும் உரிமைக்கென்று தனியாக ஒரு சிறு கட்டணம் இருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள். அது பாக்கியிருந்தாலும் உரிமை மாறாது.

இரண்டு: வாங்குபவரிடம் மொத்தப் பணம் இல்லையென்றால், நிறுவனத்தின் ஒப்புதலோடு ஒப்பந்தத்தையே அவர் பெயருக்கு மாற்றுவது. அவர் வருமானத்தை நிறுவனம் சோதிக்கும். அப்போதும் உங்களை விடுவித்ததாகத் தனி எழுத்து வேண்டும். இல்லையென்றால் நீங்கள் பிணையாளராகத் தொடர்வீர்கள்.

சுமைவண்டி
வாங்குபவர் முதல் வழிக்கு ஒப்புக்கொண்டார். இன்னொன்று: சரக்குப் பகுதிக்கு மேல் என் செலவில் இரும்புக் கூண்டும் அடுக்குகளும் போட்டிருக்கிறேன். அவற்றைக் கழற்றி அடுத்த வண்டிக்கு எடுத்துக்கொள்ளலாமா?

பேரேடு
முழுத் தொகையும் கட்டி முடிந்த பிறகு அது உங்களுக்கும் வாங்குபவருக்கும் இடையிலான பேச்சு. அதற்கு முன் கழற்றுவதானால் ஒப்பந்தத்தில் "சேர்த்த பாகங்கள்" பற்றிய வரியைப் பாருங்கள்.

மலைப்பாதை
திருகாணி போட்டதென்றால் கழற்றலாம் என்று நினைக்கிறேன். பற்றவைத்ததென்றால் வண்டியோடு சேர்ந்தது.

நுகத்தடி
திருகாணியானாலும் வண்டியின் பகுதி என்று எழுதியிருக்கும் ஒப்பந்தங்கள் இருக்கின்றன. சுமைவண்டி, அந்த வரியை இங்கே எழுதுங்கள், பார்க்கலாம்.