N3 குறியை முதலாண்டு மாணவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

நூலகத் தரவுத்தளத் தேடல் வகுப்புக்கு ஓர் உதவி வேண்டும். நட்சத்திரக் குறி மாணவர்களுக்குச் சுலபமாகப் புரிந்துவிடுகிறது. `rat*` என்று போட்டால் எலியோடு `ratio`, `rating` எல்லாம் வந்து குவியும் என்றதும் சிரித்துக்கொண்டே பிடித்துக்கொண்டார்கள். `wom?n` என்பதில் கேள்விக்குறி ஓர் எழுத்துக்கு மட்டும் என்பதும் சரி. சிக்கல் அருகமைத் தேடலில்தான். எப்ஸ்கோவில்

```
teen* N3 sleep
```

என்றால் இரண்டு சொற்களும் மூன்று சொல் தூரத்துக்குள், எந்த வரிசையிலும் வரலாம். `W3` போட்டால் நாம் எழுதிய வரிசையில்தான் வரவேண்டும். இதை அப்படியே புரோக்வெஸ்டில் ஒட்டிய ஒரு மாணவிக்கு ஏறக்குறைய ஒன்றுமே கிடைக்கவில்லை. அங்கே `NEAR/3` என்று எழுத வேண்டும். பிழைச் செய்தி எதுவும் வராததால், இந்தத் தலைப்பில் கட்டுரையே இல்லை என்று நினைத்துவிட்டார்!

`N3`, `W3` இரண்டுக்கும் முடிவுகள் பளிச்சென்று மாறுகிற சொல் ஜோடி ஏதாவது உங்களிடம் இருக்கிறதா? வகுப்பிலேயே தேடிக் காட்ட வேண்டும்.